பாடத்திட்டம் மாறிவிட்டது, பழைய வினாத்தாள்கள்தான் கிடைக்கின்றன: எப்படிப் பயன்படுத்துவது?

பாடத்திட்டம் மாறி ஒன்றிரண்டு ஆண்டுகளே ஆன தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் இருக்கும் வினாத்தாள்களில் பெரும்பகுதி மாற்றத்துக்கு முந்தியவையாகத்தான் இருக்கும். புதிய முறையில் ஒரு மாதிரி வினாத்தாளோ இரண்டோ கிடைக்கும், அவ்வளவுதான். இந்த நிலையில் சிலர் பழையதை மொத்தமாக ஒதுக்கிவிடுகிறார்கள். சிலர் எதையும் பார்க்காமல் முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்விவரை போட்டுக்கொண்டே போகிறார்கள். முதல் வகையினர் நல்ல பயிற்சியை இழக்கிறார்கள். இரண்டாம் வகையினர் தேர்வில் வராததற்கு உழைத்துவிட்டு, வரப்போவதைத் தொடாமலே தேர்வு அறைக்குள் போகிறார்கள்.

வினாத்தாளை முழுதாக ஏற்பதா, தள்ளுவதா என்று கேட்பதை விட்டுவிட்டு, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு உட்பிரிவையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. அதை எப்படிச் செய்வது என்று ஒரு உண்மையான தேர்வை வைத்தே காட்டுகிறேன். கேம்பிரிட்ஜ் இன்டர்நேஷனல் நடத்தும் ஏ லெவல் கணிதத் தேர்வு, குறியீட்டு எண் 9709. இதன் பாடத்திட்டம் 2020 தேர்வுகளிலிருந்து மாறியது. பாடத்திட்ட மாற்றத்தில் என்னென்ன வகைச் சிக்கல்கள் வருமோ, அவை எல்லாமே இந்த ஒன்றில் வந்தன. உங்கள் தேர்வு வேறாக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை இதேதான்.

முதலில் இரண்டு பாடத்திட்ட ஆவணங்களும் வேண்டும்

புதிய பாடத்திட்டம் தேர்வு வாரியத்தின் தளத்தில் இருக்கும். பழையதைப் பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்து எடுத்திருப்பார்கள். தேர்வின் பெயர், குறியீட்டு எண், பழைய ஆண்டு ஆகிய மூன்றையும் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பழைய பதிப்புப் பாடநூலின் பொருளடக்கமே போதும்.

கேம்பிரிட்ஜ் ஆவணங்களின் கடைசிப் பக்கங்களில், இந்தப் பாடத்திட்டத்தில் என்ன மாறியது என்று சொல்லும் ஒரு பகுதி இருக்கும். அதை முதலில் படியுங்கள். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். அந்தப் பகுதி அதற்கு முந்தைய ஒரே ஒரு பதிப்போடுதான் ஒப்பிடும். உங்களிடம் இருக்கும் வினாத்தாள் இரண்டு மாற்றங்களுக்கு முந்தியது என்றால், இடையில் நடந்தது அதில் தெரியாது. அதனால் இரண்டு ஆவணங்களின் பாடப்பொருள் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒப்பிட வேண்டும். ஒரு மாலை நேரம் பிடிக்கும். பிறகு வரும் எல்லாப் படிகளும் இதன்மேல்தான் நிற்கின்றன.

ஒப்பிடும்போது ஒவ்வொரு தலைப்பின்மேலும் நான்கில் ஒரு குறி போடுங்கள்: இருக்கிறது, இடம் மாறியது, நீங்கியது, புதிது. 9709-இல் இது எப்படி அமைந்தது என்று பாருங்கள். முதல் தாளில் இருந்த வெக்டர் பகுதி மூன்றாம் தாளுக்குப் போனது, எனவே இடம் மாறியது. மூன்றாம் தாளில் இருந்த தளங்களின் சமன்பாடு இந்தத் தேர்வைவிட்டே நீங்கியது. சரிவக விதி மூன்றாம் தாளில் நீங்கியது, இரண்டாம் தாளில் தொடர்ந்தது. முதல் தாளில் வட்டத்தின் சமன்பாடும் வரைபட உருமாற்றமும் புதிதாக நுழைந்தன. இயக்கவியலில் உந்தம் புதிது. புள்ளியியல் முதல் தாளில் ஜியோமெட்ரிக் பரவல் புதிது.

'இடம் மாறியது' என்ற குறியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். முதல் தாளில் வெக்டர் கிடையாது என்று கேள்விப்பட்டதும் பழைய முதல் தாள்களில் உள்ள வெக்டர் கேள்விகளை எல்லாம் அடித்துவிடுவார்கள். மூன்றாம் தாளும் எழுதப்போகிறவருக்கு அவை அருமையான தொடக்கப் பயிற்சி. புள்ளிப் பெருக்கம், இரண்டு வெக்டர்களுக்கு இடையே உள்ள கோணம் என்று அடிப்படையாகக் கேட்டிருப்பார்கள். அவற்றை வெட்டி எடுத்து மூன்றாம் தாளுக்கான கோப்பில் போட்டுவையுங்கள்.

தாள் எண்ணை நம்பாதீர்கள்

பாடத்திட்டம் மாறும்போது தாள்களின் வரிசை எண்ணும் மாறலாம். 9709-இல் மாறியது. பழைய முறையில் 4, 5 இரண்டும் இயக்கவியல், 6, 7 இரண்டும் புள்ளியியல். 2020-இல் இரண்டாவது இயக்கவியல் தாளே எடுக்கப்பட்டுவிட்டதால் பின்னால் இருந்தவை ஓரெண் முன்னே வந்துவிட்டன. இணையத்தில் வினாத்தாள்கள் கிடைக்கும் கோப்புப் பெயர்களில் இதைப் பாருங்கள்:

```
9709_s19_qp_52
9709_s20_qp_52
9709_s19_qp_62
9709_s20_qp_62
```

s என்பது மே, ஜூன் தேர்வு. 19, 20 என்பவை ஆண்டு. qp என்றால் வினாத்தாள். கடைசி இரண்டு இலக்கங்களில் முதலாவதுதான் தாள் எண். முதல் கோப்பில் இருப்பது இரண்டாம் இயக்கவியல்: எறிபொருள், வட்ட இயக்கம், ஹூக் விதி எல்லாம் வரும். அடுத்தது முதல் புள்ளியியல். மூன்றாவதும் முதல் புள்ளியியல்தான். நான்காவது இரண்டாம் புள்ளியியல். ஆக, முதல் புள்ளியியலுக்குப் படிக்கிறவர் 2019-க்கு 6-ஐயும் 2020-க்கு 5-ஐயும் எடுக்க வேண்டும். இது தெரியாமல் 2019-இன் ஐந்தாம் தாளைத் திறந்தவருக்கு ஒரு கேள்விகூடப் புரியாது. அவர் தனக்குப் பாடமே வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

கோப்பின் பெயர் மாற்றப்பட்டிருந்தாலோ அச்சுப் பிரதி கையில் இருந்தாலோ, உட்பிரிவுகளின் எண்ணைப் பாருங்கள். இந்தத் தேர்வில் பழையவற்றில் (i), (ii), (iii) என்று இருக்கும். 2020 முதல் (a), (b), (c). ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

உட்பிரிவுவரை இறங்கிக் குறியிடுங்கள்

இப்போது பழைய வினாத்தாளை எடுத்து, விடை எழுதத் தொடங்குவதற்கு முன்பே, ஒவ்வொரு உட்பிரிவுக்குப் பக்கத்திலும் குறியிட வேண்டும். கேள்வி அளவில் குறியிட்டால் நிறைய வீணாகும். ஒரு பழைய மூன்றாம் தாள் கேள்வி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வளைகோட்டின் உச்சப் புள்ளியைக் காண்க, 5 மதிப்பெண். சரிவக விதியால் பரப்பை மதிப்பிடுக, 3 மதிப்பெண். அந்த மதிப்பீடு உண்மையான பரப்பைவிடக் கூடுதலா குறைவா, காரணம் கூறுக, 1 மதிப்பெண். சரிவக விதி மூன்றாம் தாளில் இல்லை என்பதால் பின்னிரண்டும் போகும். முதல் 5 மதிப்பெண் அப்படியே உங்களுக்கு உதவும்.

சில கேள்விகளில் சிக்கல் வேறு மாதிரி இருக்கும். நீங்கிய உட்பிரிவின் விடையை அடுத்த உட்பிரிவு பயன்படுத்தும். 'இதிலிருந்து' என்று தொடங்கும் உட்பிரிவுகளில் இதைக் கவனியுங்கள். அடுத்த பிரிவு இன்னும் பாடத்திட்டத்துக்குள் இருக்கிறது என்றால் அதையும் சேர்த்து விட்டுவிட வேண்டாம். நீங்கிய பிரிவின் விடையை மட்டும் விடைக்குறிப்பிலிருந்து எடுத்து வினாத்தாளில் எழுதிக்கொண்டு, கொடுக்கப்பட்ட தகவலாக வைத்து அடுத்ததைப் போடுங்கள்.

இந்தக் குறியிடும் வேலையை வேறு யாராவது செய்துதந்தால் இன்னும் நல்லது. ஒரே தேர்வுக்குப் படிக்கும் நண்பருடன் தாள்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம். கேள்விகளை முன்கூட்டியே படித்துவிட்டால் நேரக் கணக்கில் பயிற்சி செய்யும்போது அது புதிய தாளாக இருக்காது.

எதையுமே அடிக்க வேண்டியிராத தாள்தான் அதிகம் ஏமாற்றும்

9709-இன் முதல் இயக்கவியல் தாளைக் குறியிட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். பழைய கேள்விகளில் ஏறக்குறைய எல்லாமே இன்றும் செல்லும். மதிப்பெண்ணும் அதே 50, நேரமும் அதே ஒன்றேகால் மணி. எனவே மாணவர்கள் பழைய தாள்களைக் கவலையே இல்லாமல் வரிசையாகப் போடுகிறார்கள், நல்ல மதிப்பெண்ணும் வருகிறது. ஆனால் அவை எதிலும் உந்தம் பற்றி ஒரு வரிகூட இருக்காது. புதிய தலைப்பு பழைய தாளில் வெற்றிடமாகக்கூடத் தெரியாது என்பதுதான் இங்கே ஆபத்து.

இன்னொன்றும் உண்டு. பழைய தாள்களிலேயே பழகிய கை, புதிய தலைப்பு சேர்ந்ததும் தப்பான வழியில் போகும். உதாரணம் பாருங்கள். பழைய பாணியில் ஒரு கேள்வி: 2 கிலோகிராம் நிறையுள்ள துகள், 0.45 மீட்டர் உயரத்திலிருந்து வழுவழுப்பான சாய்தளத்தில் ஓய்விலிருந்து சறுக்கி இறங்குகிறது. அடியில் அதன் வேகம் என்ன? இந்தத் தேர்வில் g-இன் மதிப்பு 10 என்று எடுக்க வேண்டும். ஆற்றல் அழிவின்மைப்படி v² = 2 × 10 × 0.45 = 9. எனவே வேகம் வினாடிக்கு 3 மீட்டர். பழைய தேர்வில் கேள்வி இங்கே முடிந்துவிடும்.

புதிய பாடத்திட்டத்துக்கு ஏற்ப இதை நீட்டுவோம். அடியில் ஓய்வில் இருக்கும் 1 கிலோகிராம் துகளோடு இது மோதி, இரண்டும் ஒட்டிக்கொண்டு நகர்கின்றன. ஒட்டியபின் வேகம் என்ன? மோதலில் எவ்வளவு ஆற்றல் இழப்பு? ஆற்றல் முறையிலேயே ஊறியவர் இங்கும் அதையே தொடர்வார். இயக்க ஆற்றல் 9 ஜூல், மொத்த நிறை 3 கிலோகிராம், எனவே வேகம் √6, அதாவது சுமார் 2.45 என்பார். அது தவறு. மோதலில் அழியாமல் இருப்பது உந்தம். 2 × 3 = 3 × v, எனவே v = 2. மோதலுக்குப் பின் இயக்க ஆற்றல் 6 ஜூல், இழப்பு 3 ஜூல். மோதலில் ஆற்றல் இழப்பு பூச்சியம் என்று உங்கள் விடை சொன்னால், துகள்கள் ஒட்டிக்கொண்டன என்று கேள்வியும் சொன்னால், எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம்.

இப்படிப் பழைய கேள்வியை நீட்டிப் புதிய கேள்வியாக்குவது நல்ல பயிற்சி. சாய்தளம், கப்பி, வாகனத்தின் திறன் என்று எந்தப் பழைய கேள்வியிலும் ஒரு கட்டத்தில் வேகம் ஒன்று கிடைக்கும். அந்த வேகத்தோடு இன்னொன்றில் மோதினால் என்ன ஆகும் என்று நீங்களே ஓர் உட்பிரிவு சேர்க்கலாம்.

புள்ளியியலிலும் அப்படியே. பகடையை 8 முறை உருட்டினால் சரியாக இருமுறை ஆறு விழும் நிகழ்தகவு என்ன என்பது பழைய ஈருறுப்புப் பரவல் கேள்வி. அதே பகடையை ஆறு விழும்வரை உருட்டுகிறோம் என்று மாற்றினால் ஜியோமெட்ரிக் பரவல். நான்காவது உருட்டலில்தான் முதல் ஆறு விழுகிறது என்றால் (5/6)³ × 1/6, சுமார் 0.0965. நான்கு உருட்டலுக்கு மேல் தேவைப்படும் என்றால் முதல் நான்கிலும் ஆறு விழவில்லை என்று பொருள், ஆகவே (5/6)⁴, சுமார் 0.482. பலர் இங்கே அடுக்கை 5 என்று போட்டுவிடுகிறார்கள். சராசரி 1/p, அதாவது 6.

புதிய தலைப்புகளுக்குக் கேள்விகள் எங்கே கிடைக்கும்?

நீங்களே உருவாக்கும் கேள்விகள் மட்டும் போதாது, தேர்வாளர் எழுதிய கேள்விகளும் வேண்டும். ஒரு தேர்வுக்குப் புதிதாக வந்த தலைப்பு பெரும்பாலும் வேறொரு தேர்வில் பல ஆண்டுகளாக இருந்திருக்கும். ஜியோமெட்ரிக் பரவல், கேம்பிரிட்ஜின் உயர்கணிதத் தேர்வான 9231-இன் பழைய இரண்டாம் தாள்களில் இருந்தது. வட்டத்தின் சமன்பாடு எட்எக்ஸெல் வாரியத்தின் பழைய C2 தாள்களில் இருக்கும். மோதலும் உந்தமும் அதே வாரியத்தின் பழைய M1 தாள்களில் நிறைய உண்டு.

ஆனால் வேறு தேர்விலிருந்து எடுக்கும்போது தலைப்பு ஒன்றாக இருந்தாலும் ஆழம் ஒன்றாக இருக்காது. எட்எக்ஸெல் M1-இல் உந்தத்தோடு கணத்தாக்கும் சேர்ந்து வரும். 9709-க்குக் கணத்தாக்கும் வேண்டாம், மோதியபின் எவ்வளவு வேகத்தில் பிரியும் என்று சொல்லும் மீட்சிக் குணகமும் வேண்டாம். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பாடத்திட்ட ஆவணத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே குறிப்புகளும் எடுத்துக்காட்டுகளும் இருக்கும். எது தேவையில்லை என்பதை அங்கேதான் எழுதியிருப்பார்கள். வெளியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு கேள்வியையும் அந்தக் குறிப்போடு ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட்டு எடுங்கள்.

சூத்திரப் பட்டியலையும் மாற்ற மறக்க வேண்டாம். பழைய 9709 தாள்களோடு வந்தது MF9. 2020 முதல் MF19. பயிற்சியின்போது மேசையில் இருக்க வேண்டியது புதியது மட்டுமே. பழைய தாளைப் போடும்போதும் அப்படித்தான். எது அச்சில் இருக்கும், எதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பது கைக்குப் பழக வேண்டும்.

நேரத்தோடு எழுதிப் பார்க்கும்போது

குறைபட்ட தாளை முழு நேரம் எடுத்து எழுதினால் வேகம் பற்றித் தவறான எண்ணம் வரும். கணக்கு எளிது. முதல் தாள் பழைய முறையில் 75 மதிப்பெண், 1 மணி 45 நிமிடம். புதிய முறையில் அதே 75, ஆனால் 1 மணி 50 நிமிடம். பழைய தாள் ஒன்றில் வெக்டர் கேள்வி 8 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். அதை எடுத்தால் மீதி 67. புதிய முறையில் 75 மதிப்பெண்ணுக்கு 110 நிமிடம் என்றால் 67-க்குச் சுமார் 98 நிமிடம். அலாரத்தை அதற்கு வையுங்கள்.

இதைவிட நல்ல வழி, போன 8 மதிப்பெண் இடத்தில் வட்டச் சமன்பாட்டுக் கேள்வி ஒன்றையோ உருமாற்றக் கேள்வி ஒன்றையோ செருகி, 75-ஆக்கி, 110 நிமிடமும் எடுத்துக்கொள்வது. செருகும் கேள்வியைக் கடைசியில் ஒட்டாமல் நடுவில் வையுங்கள். கடைசியில் வைத்தால் அது புதிய பகுதி என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். எந்த முறை இங்கே பொருந்தும் என்று தேடிக் கண்டுபிடிக்கும் பயிற்சி போய்விடும்.

இப்படி ஒட்டுப்போட்ட தாளில் வாங்கும் மதிப்பெண்ணைப் பழைய ஆண்டின் தர எல்லைகளோடு ஒப்பிட வேண்டாம். அந்த எல்லை அந்த ஆண்டின் அந்தக் குறிப்பிட்ட தாளின் கடினத்தைப் பார்த்து வைக்கப்பட்டது. நீங்கள் கேள்வியை மாற்றியதும் அது பொருந்தாது. உங்கள் முந்தைய ஒட்டுத் தாள்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். தலைப்பு வாரியாக எங்கே மதிப்பெண் போகிறது என்று குறித்துவைத்தால் இன்னும் உதவும்.

புதிய முறையில் உண்மையான தாள்கள் எத்தனை இருந்தாலும், அவற்றில் ஒன்றைத் தொடக்கத்திலேயே விடை எழுதாமல் படித்துப் பார்த்துவிடுங்கள். கேள்வி கேட்கும் விதம், மதிப்பெண் பங்கீடு, புதிய தலைப்புகள் எந்த நீளத்தில் வருகின்றன என்பவை அப்போதுதான் தெரியும், பழைய தாளில் எதைச் செருகுவது என்பதற்கும் அதுவே அளவு. மற்றவற்றைத் தொடாமல் வைத்திருங்கள். தேர்வுக்கு முந்தைய மூன்று, நான்கு வாரங்களில் வாரத்துக்கு ஒன்றாக, முழு நேரக் கணக்கில் எழுதிப் பார்க்க அவை வேண்டும். அதற்கு முன்புள்ள மாதங்களுக்குக் குறியிட்ட பழைய தாள்களே போதும்.